உதவியவரால் மிகும் காயமும் சட்டப்பொறுப்பும்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-ஏ-இல் ‘நன்னம்பிக்கை’ என்னும் சொல்லின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி உதவிய வழிப்போக்கர் ஒருவரின் செயலாலேயே காயம் மிகுந்துவிடின், அவர் சட்டத்தின்முன் பொறுப்பாளராவாரா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 134-ஏ இத்தகையோருக்குக் காப்பளிக்கிறது. அக்காப்பின் எல்லை ‘நன்னம்பிக்கை’ என்னும் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளைச் சார்ந்தது என்பதும், இந்தியச் சட்டத்தில் அச்சொல்லுக்கு ஒன்றற்கொன்று மாறான இரு வரையறைகள் உள்ளன என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நல்ல சமாரியர், நன்னம்பிக்கை, கவனக்குறைவு, தண்டுவடக் காயம், பிரிவு 134-ஏ.

முன்னுரை

விபத்து நிகழ்ந்த இடத்தில் நிற்கும் அயலார் ஒருவர் உதவ வேண்டும் என்று ஆங்கிலப் பொதுச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அவர் பார்த்துக்கொண்டே கடந்து சென்றாலும் அவர்மேல் இழப்பீட்டு வழக்கு நிற்காது. ஆனால் அவர் உதவ முற்பட்டுவிட்டால் நிலை மாறுகிறது. தம் செயலால் அடிபட்டவரின் நிலையை முன்னிருந்ததைவிட மோசமாக்காதிருக்கும் கடமை அவருக்கு உண்டாகிறது. உதவாதவருக்குப் பொறுப்பில்லை, உதவியவருக்குப் பொறுப்புண்டு என்னும் இம்முரணைக் களையவே ‘நல்ல சமாரியர்’ சட்டங்கள் எழுந்தன. லூக்கா நற்செய்தியில் வரும் உவமையிலிருந்து பெற்ற பெயர் அது. இந்திய நீதிமன்றங்களும் தீங்கியல் வழக்குகளில் ஆங்கிலப் பொதுச்சட்ட நெறிகளையே பெரிதும் பின்பற்றி வருவதால் இம்முரண் இங்கும் உரியதாகிறது.

தண்டுவடக் காயமும் காரணத் தொடர்பும்

இவ்வகை வழக்குகளில் மீண்டும் மீண்டும் வருவது கழுத்து அல்லது முதுகுத் தண்டுவடக் காயமாகும். மோதலில் முள்ளெலும்பு ஒன்று முறிந்து நிலைகுலைந்திருக்கலாம். ஆயினும் அதனுள் ஓடும் தண்டுவடம் இன்னும் சிதையாதிருக்கலாம். அந்நிலையில் அடிபட்டவர் கால்விரல்களை அசைப்பார், வலிக்கிறது என்பார். அவரை இருவர் சேர்ந்து, ஒருவர் அக்குளிலும் மற்றவர் முழங்காலிலும் கைகொடுத்துத் தூக்கும்போது முதுகு வளைகிறது, தலை தொங்குகிறது. முறிந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கினால் அக்கணத்திலேயே கால்கள் செயலிழக்கக்கூடும். தீ, நீர், விரைந்து வரும் வாகனங்கள், மூச்சு நின்றமை போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் அடிபட்டவரை அசைக்காது, தலையை உடலின் நேர்க்கோட்டில் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவசர ஊர்தி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று முதலுதவிப் பயிற்சியில் கற்பிக்கப்படுவது இதனால்தான்.

ஆனால் தூக்கியதற்குப் பின் கால்கள் செயலிழந்தன என்பதனாலேயே தூக்கியதால் செயலிழந்தன என்று முடிவு செய்துவிட இயலாது. மோதலின்போது ஏற்படும் முதற்காயத்தைத் தொடர்ந்து வீக்கம், உட்கசிவு, குருதியோட்டக் குறைவு ஆகியவற்றால் தண்டுவடம் அடுத்த பல மணிநேரம் மேலும் சேதமுறுகிறது. முறையாக அசைவின்றிக் கிடத்தப்பட்டவரிடத்தும் இச்சரிவு நிகழ்வதுண்டு. எனவே உதவியவரின் பொறுப்பை ஆராயும் நீதிமன்றம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தூக்குவதற்கு முன் அவர் கால்களை அசைத்தாரா என்பதாகும். அதற்குச் சான்று அருகிலிருந்தோரின் சொல்லும், அவசர ஊர்திப் பணியாளரின் குறிப்பும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடும் மட்டுமே. உதவியவர் தம் பெயரைச் சொல்லாமல் சென்றுவிடலாம் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. அவ்வுரிமை தேவையானதே. எனினும் அடிபட்டவர் எவ்வாறு கிடந்தார், எவ்வாறு தூக்கப்பட்டார் என்பதைக்கூட மருத்துவரிடம் கூறாமல் அவர் சென்றுவிட்டால், சிகிச்சைக்கும் பின்னர் வரும் வழக்கிற்கும் இன்றியமையாத செய்தி அவரோடு போய்விடுகிறது.

கலிபோர்னியா வழக்கு

இவ்வினா நேராக எழுந்த வழக்குகளுள் பெரிதும் பேசப்படுவது அமெரிக்காவின் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்த வழக்காகும். 2004ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு கடந்த அதிகாலையில், மதுக்கூடம் ஒன்றிலிருந்து இரு கார்களில் நண்பர்கள் சிலர் திரும்பினர். முன்சென்ற கார் மணிக்கு ஏறத்தாழ 45 மைல் வேகத்தில் விளக்குக் கம்பத்தில் மோதியது. பின்னால் வந்த காரிலிருந்து இறங்கிய உடன்பணியாளர் ஒருவர், மோதிய காரில் பயணித்த பெண்ணை வெளியே எடுத்தார். புகையும் திரவமும் கண்டதாகவும், கார் வெடித்துவிடும் என்று அஞ்சியதாகவும், ஒரு கையை முதுகிலும் மற்றதைக் கால்களின் கீழும் கொடுத்துத் தூக்கியதாகவும் அவர் கூறினார். தம் கையைப் பிடித்துத் துணிப்பொம்மையைப் போல இழுத்துப்போட்டார் என்றார் காயமுற்றவர். புகை எதையும் காணவில்லை என்று வேறு சிலர் சான்றளித்தனர். காயமுற்ற பெண்ணின் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. வெளியே எடுத்த முறையே அதற்குக் காரணம் என்பது அவர் தொடுத்த வழக்கு.

கலிபோர்னியாவில் அப்போதே காப்புச்சட்டம் ஒன்று இருந்தது. அவசர நிகழ்விடத்தில் நன்னம்பிக்கையோடும் கைம்மாறின்றியும் ‘அவசரப் பராமரிப்பு’ அளிப்பவர் இழப்பீட்டிற்குப் பொறுப்பாகார் என்று அது கூறியது. விசாரணை நீதிமன்றம் அதனைக் கொண்டு வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. உச்சநீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்னும் கணக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே ஆதரித்தது. அச்சட்டக்கூறு அவசர மருத்துவப் பணிகள் குறித்த சட்டத் தொகுப்பினுள் அமைந்திருப்பதால், ‘பராமரிப்பு’ என்பது மருத்துவப் பராமரிப்பையே குறிக்கும். காரிலிருந்து வெளியே எடுப்பது மீட்பேயன்றி மருத்துவம் அன்று என்பது பெரும்பான்மையோரின் காரணம்.

இதன்படி கட்டுப்போடுபவருக்குக் காப்புண்டு. கட்டுப்போடுவதற்காகத் தீயிலிருந்து வெளியே இழுப்பவருக்குக் காப்பில்லை. சிறுபான்மை நீதிபதிகளின் மறுப்பும் இதனைச் சுட்டியதே. சட்டமன்றம் விரைந்து செயற்பட்டது. 2009 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டு, ‘மருத்துவ அல்லது மருத்துவமல்லாத பராமரிப்பு’ என்னும் தொடர் சேர்க்கப்பட்டது. ஆனால் அதனோடு ஒரு விலக்கும் வந்தது. பெருங்கவனக்குறைவோடோ, வேண்டுமென்றோ, விளைவைப் பொருட்படுத்தாமலோ நடந்துகொண்ட சாதாரண வழிப்போக்கருக்குக் காப்பில்லை. மேலும் இத்திருத்தம் அதன்பின் தொடுக்கப்படும் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே இத்திருத்தத்திற்குக் காரணமான உடன்பணியாளருக்கே அதன் காப்பு கிட்டவில்லை.

இந்தியச் சட்டம்: பிரிவு 134-ஏ

இந்தியாவில் இச்சிக்கலின் தொடக்கம் வேறானது. இங்கு உதவியோர் அஞ்சியது இழப்பீட்டு வழக்கிற்கு அன்று. காவல் நிலையத்திற்கும், மருத்துவமனை கேட்கும் முன்பணத்திற்கும், சாட்சியாக அலைவதற்குமே. சேவ்லைஃப் பவுண்டேசன் தொடுத்த பொதுநல வழக்கில், மத்திய அரசு 2015 மே மாதம் வெளியிட்ட நெறிமுறைகளையும் 2016 ஜனவரியில் வெளியிட்ட செயல்முறைகளையும் ஏற்று, அவற்றை நாடு முழுமைக்கும் கட்டுப்படுத்துவனவாக உச்சநீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று அறிவித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இக்காப்பை மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134-ஏ ஆக்கியது.

அப்பிரிவின் சாரம் வருமாறு: மோட்டார் வாகனம் தொடர்புற்ற விபத்தில் அடிபட்டவருக்கு அவசர மருத்துவ அல்லது மருத்துவமல்லாத பராமரிப்போ உதவியோ அளிக்கையில், செய்ததிலோ செய்யத் தவறியதிலோ நேர்ந்த கவனக்குறைவால் அவருக்குக் காயமோ இறப்போ விளையின், நல்ல சமாரியர் உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதற்கும் பொறுப்பாகார். நன்னம்பிக்கையோடும், தாமாக முன்வந்தும், வெகுமதியோ ஈடோ எதிர்பாராமலும் நிகழ்விடத்தில் உதவுபவரும், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்பவரும் நல்ல சமாரியர் ஆவர் என்று அதன் விளக்கப்பகுதி கூறுகிறது. கலிபோர்னிய வழக்கில் எழுந்த ‘மருத்துவமா, மீட்பா’ என்னும் வினாவிற்கு இங்கு இடமில்லை. அதற்கு மாறாக, விளக்கப்பகுதியின் முதற்சொல்லே இங்குச் சிக்கலாகிறது.

நன்னம்பிக்கை: இரு வரையறைகள்

பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 2(11), பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 52ஐப் பின்பற்றி, நன்னம்பிக்கையை எதிர்மறையாக வரையறுக்கிறது. உரிய கவனமும் கருத்தும் இன்றிச் செய்யப்பட்ட எதுவும் நன்னம்பிக்கையோடு செய்யப்பட்டதாகாது என்பது அதன் பொருள். பொதுக் கூறுகள் சட்டம், 1897இன் பிரிவு 3(22) இதற்கு நேர்மாறானது. ஒரு செயல் உண்மையில் நேர்மையோடு செய்யப்பட்டிருப்பின், கவனக்குறைவோடு செய்யப்பட்டதாயினும் அன்றாயினும், அது நன்னம்பிக்கையோடு செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது அது. முன்னதற்குக் கவனமே அளவுகோல். பின்னதற்கு உள்ளத்தின் நேர்மையே அளவுகோல்.

இவற்றுள் எதனைப் பிரிவு 134-ஏ-க்குப் பொருத்துவது? சன்ஹிதாவின் வரையறையைப் பொருத்தினால் அப்பிரிவு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. கவனக்குறைவோடு உதவியவர் ‘உரிய கவனம்’ இல்லாதவராதலால் நன்னம்பிக்கை அற்றவராவார். நன்னம்பிக்கை அற்றவராதலால் நல்ல சமாரியர் அல்லர். ஆகவே அவருக்குக் காப்பில்லை. எஞ்சுவோர் கவனத்தோடு உதவியவர்கள். அவர்களுக்குக் கவனக்குறைவுக்கான பொறுப்பு முன்னரும் இருந்ததில்லை. கவனக்குறைவை மன்னிப்பதற்காக இயற்றப்பட்ட பிரிவு கவனக்குறைவற்றோரை மட்டுமே காக்கும் என்று பொருள்கொள்வது, ஒரு சட்டத்தைப் பயனற்றதாக்கும் பொருள் கொள்ளலாகாது என்னும் விளக்க நெறிக்கு முரணானது.

வடிவ நிலையிலும் இவ்வாறே கொள்ள வேண்டியுள்ளது. சன்ஹிதாவின் வரையறை சன்ஹிதாவில் வரும் சொற்களுக்கு மட்டும் உரியது. மோட்டார் வாகனச் சட்டம் 1897க்குப் பின் இயற்றப்பட்ட மத்தியச் சட்டமாதலின், சூழல் மாறுபட்டாலன்றிப் பொதுக் கூறுகள் சட்டமே அதன் சொற்களுக்குப் பொருள் தரும். குற்ற வழக்கு சன்ஹிதாவின்கீழ்த் தொடரப்படுவதால் சன்ஹிதாவின் பொருளே வேண்டும் என்று வாதிடப்படலாம். ஆயினும் ஆராயப்படும் சொல் இருப்பது பிரிவு 134-ஏ-இல். சிறப்புச் சட்டங்களின் ஏற்பாடுகளைத் தான் பாதிக்காது என்று சன்ஹிதாவே கூறுகிறது. சட்டத்தைத் தமிழாக்குவோரும் கருதத்தக்கது இது. ‘நல்லெண்ணம்’, ‘நன்னம்பிக்கை’ என இரு சொற்களும் வழக்கிலுள்ளன. இரு சட்டங்களுக்கும் ஒரே சொல்லை இட்டால் இவ்வேறுபாடு தமிழில் மறைந்துவிடுகிறது.

கற்பனை நிகழ்வு ஒன்றில் பொருத்திக் காணல்

உளுந்தூர்ப்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஒன்றை லாரி உரசிச் செல்ல, ஓட்டியவர் விழுந்து கிடக்கிறார் எனக் கொள்வோம். கழுத்து வலிப்பதாகச் சொல்கிறார்; கால்களை அசைக்கிறார். தேநீர்க் கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர், அவசர ஊர்திக்குக் காத்திராமல், அவரை ஆட்டோவின் பின்னிருக்கையில் மடக்கி அமர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார். அங்குச் சேரும்போது கால்கள் அசையவில்லை. தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாத இடத்தில் இவ்வாறு தூக்கியது கவனக்குறைவே என்றும், அதனாலேயே தண்டுவடம் சிதைந்தது என்றும் மெய்ப்பிக்கப்பட்டதாகவும் கொள்வோம்.

பிரிவு 134-ஏ இல்லையெனில் அவர்மேல் சன்ஹிதாவின் பிரிவு 125 பாயக்கூடும். பிறர் உயிருக்கோ பாதுகாப்பிற்கோ ஊறு நேரும்படி நடந்து கொடுங்காயம் விளைத்தமைக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை அதில் உண்டு. இறப்பு நேரின் பிரிவு 106. நேர்மையை அளவுகோலாகக் கொண்ட பொருளின்படி, காப்பாற்றும் எண்ணம் ஒன்றே அவரிடம் இருந்ததாதலின், கவனக்குறைவு அவருடைய காப்பைப் பறிக்காது. ஆட்டோ ஓட்டுநரின் நிலை சற்று வேறு. வழக்கமான வாடகை பெற்றுக்கொண்டால் அவர் ‘ஈடு எதிர்பாராதவர்’ ஆவாரா என்பது வழக்காடத்தக்கது. இங்கு மற்றொரு விந்தையும் உண்டு. உயிர்காக்கும் நேரத்தில் மருத்துவமனை சேர்ப்போருக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2021இல் அறிவித்தது; பின்னர் அத்தொகை 25,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு கையால் வெகுமதியை அறிவித்து, மறு கையால் ‘வெகுமதி எதிர்பாராதவருக்கே காப்பு’ என்பது பொருந்தாமையாகத் தோன்றும். அடிபட்டவரிடமோ அவர் உறவினரிடமோ பெறுவதையே ‘வெகுமதி’ குறிக்கும், அரசு பின்னர் அளிக்கும் பாராட்டுத்தொகையைக் குறிக்காது என்று கொண்டாலன்றி இரண்டும் ஒருங்கே நிற்க இயலாது.

இனி அடிபட்டவர் கதி என்ன? உதவியவர் விடுபட்டதால் அவர் இழப்பீடின்றி நிற்பதில்லை. உரசிய லாரியின் கவனக்குறைவே அவரைச் சாலையில் கிடத்தியது. அங்கு யாரோ ஒருவர் பதறித் தூக்குவார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆதலின் தூக்கியதால் மிகுந்த காயமும் லாரி ஓட்டுநரின் செயலிலிருந்து தொடரும் விளைவாகவே பொதுச்சட்டத்தில் கருதப்படும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் லாரியின் காப்பீட்டு நிறுவனம் அதற்கும் ஈடுசெய்ய வேண்டும். ஆனால் லாரி எதுவுமின்றி அவர் தாமே நிலைதடுமாறி விழுந்திருந்தால் பொறுப்பேற்க வேறொருவர் இல்லை. பிரிவு 134-ஏ தரும் காப்பின் விலையை அப்போது செலுத்துபவர் காயமுற்றவரே.

காப்பின் விளிம்புகள்

கலிபோர்னியச் சட்டம் போலப் பெருங்கவனக்குறைவை விலக்கும் சொல் பிரிவு 134-ஏ-இல் இல்லை. எனினும் காப்பு வரம்பற்றது என்பதற்கில்லை. சன்ஹிதாவின் பிரிவுகள் 106, 125 ஆகியன கவனக்குறைவையும், பின்விளைவு எண்ணாத துணிச்சலையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. பிரிவு 134-ஏ கவனக்குறைவை மட்டுமே பேசுகிறது. தேநீர்க் கடைக்காரரின் அருகில் செவிலியர் ஒருவர் நின்று, “கழுத்து முறிந்திருக்கலாம், தூக்காதீர்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது” என்று தடுத்தும், அதை அறிந்தே அவர் தூக்கியிருந்தால், அது அறியாமையால் வந்த பிழை அன்று. ஆபத்தை அறிந்தே ஏற்ற செயல். அதற்குக் காப்பு நீளாது என்று வாதிடப் பிரிவின் சொற்கள் இடமளிக்கின்றன. சட்டமியற்றியோர் எண்ணித்தான் இச்சொல்லை விடுத்தனரா என்பது ஐயத்திற்குரியதாயினும், விளைவு ஏற்கத்தக்கதே. தெளிந்த அறிவோடு “தொடாதே” என்று சொல்பவரைப் பலவந்தமாகத் தூக்குவதும் இவ்வாறே. அது கவனக்குறைவால் வந்த தீங்கு அன்று, இசைவின்றித் தொட்ட தீங்கு.

‘மோட்டார் வாகனம் தொடர்புற்ற விபத்து’ என்னும் தொடரே மிகக் கடுமையான எல்லை. அதே தேநீர்க் கடைக்காரர் மறுநாள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை அதே முறையில் தூக்கி, அதே காயம் விளைந்தால், அவருக்குப் பிரிவு 134-ஏ இல்லை. குற்ற வழக்கில் அவர் நாடத்தக்கது சன்ஹிதாவின் பிரிவு 30. இசைவு தர இயலாத நிலையில் உள்ளவரின் நன்மைக்காக நன்னம்பிக்கையோடு செய்த செயலைக் குற்றமன்று என்பது அது. குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்தவருக்கு அறுவை செய்யும் மருத்துவரை அதன் எடுத்துக்காட்டு முன்வைக்கிறது. கொத்தனார் நினைவோடிருந்து பேசினால் இப்பிரிவு பொருந்துவதே ஐயம். பொருந்தினும், அங்கு நன்னம்பிக்கை என்பது உரிய கவனம் என்னும் பொருளுடையது. அவ்விலக்கைத் தமக்குரியதாக மெய்ப்பிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே விழுகிறது. சாலையில் நேர்மை போதுமாயிருந்த அவருக்குச் சாரத்தின் கீழ் அது போதாது.